நடு ராத்திரி வலியும் அப்பாவின் 'மூலமும்'

கேள்வி: எனக்கு 42 வயது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, நடு ராத்திரியில் ஆசனவாய்க்குள் கத்தியைச் சொருகினாற்போல் வலி. பத்து நிமிடத்தில் சுத்தமாகப் போய்விடுகிறது. ரத்தம் இல்லை, மலமும் ஒழுங்காகப் போகிறது. மனைவிக்குத் தெரியாமல் எழுந்து கழிவறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்பாவுக்கு 54 வயதில் பெருங்குடல் புற்றுநோய் என்றார்கள். அதுவரை எல்லோரிடமும் மூலம் என்றே சொல்லிவந்தார். எனக்கும் அதுதானா?

பதில்: வலியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆசனவாயை மூடிவைத்திருக்கும் உட்புறச் சுருக்குத்தசை, கெண்டைக்காலில் நரம்பு இழுப்பதுபோல, திடீரென்று இறுகிக்கொள்கிறது. மருத்துவர்கள் புராக்டால்ஜியா ஃபியூகாக்ஸ் என்பார்கள், ஓடிப்போகும் வலி என்று பொருள். தசை தளர்ந்ததும் சுவடே இருக்காது. மாத்திரை வேலை செய்யும் முன்பே வலி போய்விடும், அதனால் மாத்திரை வீண். வெதுவெதுப்பான நீரில் உட்காருங்கள், அல்லது எழுந்து நடங்கள். வலி அரை மணிக்கு மேல் நீடித்தாலோ, மலம் கழிக்கும்போது வந்தாலோ, காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்தாலோ அது வேறு நோய்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. வலியைப் பற்றி இத்தனை வரி, அவருக்கு மூன்றே வரியா? பெற்றவருக்கு 60 வயதுக்குள் குடல் புற்றுநோய் வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதிலோ, அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்தியதோ அப்போதே, ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். உங்கள் கணக்குக்கு 40. இரண்டு வருடம் தாண்டிவிட்டது. இந்த வலி வராமலே இருந்திருந்தாலும் நீங்கள் போயிருக்க வேண்டியவர்.

அந்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. குடலின் உள்சுவரில் சிறு சதைமொட்டாகப் பல வருடம் கிடக்கும். பரிசோதனையின்போதே மொட்டைக் கண்டு எடுத்துவிட்டால், அது புற்றாக மாற வழியில்லை. ஒன்றுமில்லை என்றால் ஐந்து வருடம் கழித்து மறுபடி போனால் போதும். பரிசோதனைக்கு முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவ வேண்டும், அதுதான் சிரமம்.

உங்கள் அப்பா வெட்கப்பட்டு மூலம் என்றார். நீங்கள் இருட்டில் கழிவறைக் கதவைச் சாத்துகிறீர்கள். அதே வெட்கம்தான். உடம்பில் நடப்பதைக் கட்டினவளிடம் மறைப்பது அவளைக் காப்பது ஆகாது. நாளை படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தானே? இன்றிரவே சொல்லுங்கள். குடல் மருத்துவரிடம் மனைவியையும் கூட்டிப் போங்கள், அப்பாவின் பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கையுறை போட்டு விரலால் பார்ப்பார், கூச்சப்படாதீர்கள்.

கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே 40 வயதுக் கணக்குத்தான். போன் செய்து சொல்லிவிடுங்கள்.