டாக்கைத் திருப்பி அனுப்பும் முன் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: மானிட்டர், ஹார்டு டிஸ்க், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே ஒயரில் லேப்டாப்போடு இணைக்கும் டைப்-சி டாக் ஒன்றை 5,200 ரூபாயில் வாங்கினேன். பெட்டியில் '100 வாட்' என்று போட்டிருக்கிறது. அதில் இணைத்த 4கே மானிட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கறுத்துப்போய், இரண்டு விநாடியில் மீள்கிறது. ஹார்டு டிஸ்கில் கோப்புகளை நகலெடுக்கும்போது கீபோர்டு, வெப்கேம் எல்லாம் ஒன்றாகத் துண்டிக்கப்படுகின்றன. ஃபோனும் டாக்கிலேயே சார்ஜ் ஆகிறது. டாக்கின் ஒயர் எட்டவில்லை என்று ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டிருக்கிறேன். சார்ஜர் லேப்டாப்புடன் வந்த 65 வாட்தான். விற்றவரோ டாக்குக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை அப்டேட் செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு அனுப்பியிருக்கிறார். திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள் இருக்கிறது. என்ன செய்யலாம்? - வாசகர், ஈரோடு

பதில்: உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. திரை கறுப்பது ஒயரின் வேலையாக இருக்கலாம். கீபோர்டும் வெப்கேமும் போவது மின்சாரப் பற்றாக்குறையாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் டாக்கின் மீது பழி விழும், புதிய டாக்கிலும் அதே தொல்லை தொடரும்.

திரையிலிருந்து தொடங்குவோம். முதலில் அந்த நீட்டிப்பு ஒயரைக் கழற்றிவிடுங்கள். டைப்-சி விதிமுறையில் நீட்டிப்பு ஒயருக்கு இடமே கிடையாது. கடைகளில் விற்கிறார்கள் என்பதற்காக அது முறையானது ஆகிவிடாது. டாக்கின் ஒயர் வழியாகப் படமும் தரவும் மின்சாரமும் சேர்ந்து போகின்றன. நடுவில் ஓர் இணைப்பு கூடினால் மின்சாரம் எப்படியோ போய்ச் சேரும், வேகமான படச் சமிக்ஞைதான் நலிந்துவிடும். லேப்டாப்பை டாக்குக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து ஒரு மணி நேரம் வேலை செய்து பாருங்கள்.

அப்போதும் கறுத்தால், டாக்கிலிருந்து மானிட்டருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ ஒயரைப் பாருங்கள். பல வீடுகளில் அது செட்டாப் பாக்ஸோடு வந்த பழைய ஒயராகத்தான் இருக்கும். அந்தக் காலத்து 'ஹை ஸ்பீடு' ஒயர் நொடிக்கு 10.2 கிகாபிட் வரை தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்பும் எச்.டி.எம்.ஐ இணைப்புக்கோ 18 கிகாபிட் தாங்கும் ஒயர் தேவை. சமிக்ஞை பிழைபட்டதும் மானிட்டர் இணைப்பை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறது. நீங்கள் பார்க்கும் இரண்டு விநாடிக் கறுப்பு அதுதான்.

இதைக் காசு செலவில்லாமல் உறுதிசெய்யலாம். விண்டோஸ் 11-இல் `Settings > System > Display > Advanced display` என்ற இடத்தில் புதுப்பிப்பு வேகத்தை 60-இலிருந்து 30 ஹெர்ட்ஸாகக் குறையுங்கள். மவுஸ் அம்பு இழுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள். 30-இல் ஒரு மணி நேரம் திரை கறுக்கவே இல்லை என்றால் வழியில் எங்கோ கொள்ளளவு போதவில்லை என்று பொருள். அடுத்து அதே எச்.டி.எம்.ஐ ஒயரை டாக்கைத் தாண்டி லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ துளையிலேயே செருகி, 60-இல் வைத்துப் பாருங்கள். லேப்டாப்பிலும் கறுத்தால் சந்தேகம் டாக்கை விட்டு ஒயருக்கும் மானிட்டருக்கும் போய்விடும். புது ஒயர் வாங்கும்போது 'எச்.டி.எம்.ஐ 2.1 ஒயர்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். ஒயருக்குப் பதிப்பு எண் என்று ஒன்று இல்லை. உறையில் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' அல்லது 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்ற ஸ்கேன் செய்யக்கூடிய சான்று வில்லை இருக்க வேண்டும். 2 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம்.

இடையில் ஒன்று. என் மானிட்டர் ஒருமுறை நான் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் கறுத்தது. டாக்கையே மாற்றினேன், பலனில்லை. உயரம் மாற்றும் வாயு உருளை உள்ள நாற்காலி, எழும்போதும் உட்காரும்போதும் ஒரு சிறு மின்காந்தத் துடிப்பைக் கிளப்பக்கூடும். கவசம் சரியில்லாத ஒயர் அதை வாங்கிக்கொள்ளும். ஒயரை மாற்றியதும் தீர்ந்தது.

இனி மின்சாரம். பெட்டியில் இருக்கும் '100 வாட்' என்பது டாக் தரும் மின்சாரம் அல்ல, தன் வழியே போக அனுமதிக்கும் அதிகபட்ச அளவு. உங்கள் சார்ஜர் தருவது 65 வாட். இப்படிப்பட்ட டாக்குகள் தமக்கும் தம் துளைகளுக்குமாகப் பெரும்பாலும் 10 முதல் 15 வாட்டை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். 15 என்று கொண்டால் லேப்டாப்புக்குக் கிடைப்பது 50.

அந்தப் 15-க்குள் உங்கள் மேசையைக் கணக்குப் போடுவோம். டாக்கின் சொந்தச் செலவு ஏறக்குறைய 3. சுழலும் ஹார்டு டிஸ்க் வேகமெடுக்கும்போது 5-ஐத் தொடும். வெப்கேமுக்கு 2, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சேர்த்து 1. இதுவரை 11. ஃபோன் துளையைப் பொறுத்து 5 முதல் 7.5 வாட் வரை இழுக்கும். கூட்டினால் 15-ஐத் தாண்டுகிறது. வோல்டேஜ் சரிந்தவுடன் டாக்குக்குள் இருக்கும் யு.எஸ்.பி பகுதி தன்னை மீட்டமைத்துக்கொள்கிறது. கீபோர்டும் வெப்கேமும் ஒரே நொடியில் போவது அதனால்தான். கீபோர்டின் ஒயரோ வெப்கேமின் ஒயரோ தளர்ந்திருந்தால் எல்லாம் ஒன்றாகப் போகாது.

100 வாட் சார்ஜர் வாங்கினால் சரியாகிவிடுமே என்று தோன்றும். லேப்டாப்புக்குக் கூடுதலாகக் கிடைக்கும், துளைகளுக்கு ஒரு வாட்கூடக் கூடாது. அவற்றின் எல்லை டாக்கின் உள் சுற்றிலேயே இருக்கிறது. ஃபோனை அதன் சொந்த சார்ஜருக்கு மாற்றுங்கள், ஹார்டு டிஸ்கை லேப்டாப்பின் துளையில் நேராகச் செருகுங்கள். செலவு இல்லை. பிறகு ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தபடியே வெப்கேமைத் திறந்து வைத்துப் பாருங்கள். மின்வெட்டின்போது எல்லாம் ஒரு கணம் போய் வருவது வேறு கதை. சார்ஜரிலிருந்து லேப்டாப் பேட்டரிக்கு மாறும்போது இந்த வகை டாக்குகள் பலவும் தடுமாறும். சார்ஜரை யு.பி.எஸ்ஸில் மாட்டினால் அதற்கு விடிவு.

ஃபர்ம்வேர் விஷயத்தில் விற்றவர் சொல்வது முழுப் பொய்யல்ல. லேப்டாப் உறக்கத்திலிருந்து எழும்போது மானிட்டர் வராமல் போவது போன்ற கோளாறுகளை அது சரிசெய்யும். ஆனால் ஒயரின் தரத்தையோ வாட்டையோ ஃபர்ம்வேரால் கூட்ட முடியாது. முதலில் லேப்டாப்பின் பயாஸ் என்னும் தொடக்க மென்பொருள், அடுத்து கிராஃபிக்ஸ் டிரைவர், கடைசியாக டாக் என்று போங்கள். டாக்குக்கான கோப்பை, டாக்கைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணின் கீழ் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தாதீர்கள். அப்டேட் நடக்கும்போது திரை கறுத்து மீளும். பயந்து ஒயரைப் பிடுங்கினால் டாக் திரும்பி எழாமலே போகலாம்.

நீட்டிப்பு ஒயர் இல்லாமல், நல்ல எச்.டி.எம்.ஐ ஒயரோடு, ஃபோனும் ஹார்டு டிஸ்கும் இல்லாமல் மானிட்டர் அப்போதும் கறுத்தால், அதே ஒயரில் லேப்டாப் நேராக 60-இல் ஒழுங்காக ஓடினால், டாக் குறையுள்ளது. இரண்டையும் ஒரே வீடியோவில், கடிகாரம் தெரியும்படி எடுத்து, நான்கு நாளுக்குள் வாங்கிய தளத்தின் வழியே திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதியுங்கள். தொலைபேசியில் சொல்வது பதிவாகாமல் போகலாம். குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். விற்பனைப் பக்கத்தில் '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தால் அதை இன்றே படம்பிடித்து வையுங்கள். நாளைக்கு அந்த வரி அங்கே இல்லாமல் போகலாம்.