தேதி இருந்தும் கிராஃப் பொய் சொல்வது ஏன்?

*கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். திறந்த கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று நேரம் கிடைக்கும்போது அளந்து எக்செல்லில் போட்டு வருகிறேன். கிராஃப் போட்டால், ஏப்ரலுக்கு முன்னால் தண்ணீர் சர்ரென்று இறங்கி, ஏப்ரலில் நிதானமாகிவிட்ட மாதிரி தெரிகிறது. ஆனால் ஏப்ரலில்தான் மோட்டார் சீக்கிரம் காற்று வாங்கியது. கிராஃப் தப்பா, என் கணக்கு தப்பா?*

உங்கள் அளவுகள் சரிதான். கிராஃபின் கீழ் அச்சில் இருப்பவை எக்செல்லுக்குத் தேதிகளாகத் தெரியவில்லை, வெறும் எழுத்துகளாகத் தெரிகின்றன. அதுதான் கோளாறு. நீங்கள் அனுப்பிய ஏழு அளவுகளையும், ஒவ்வொன்றுக்கும் முந்தைய அளவுக்கும் நடுவே எத்தனை நாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

| தேதி | ஆழம் (அடி) | இடைவெளி (நாள்) |
|---|---|---|
| 03.01.2024 | 22 | – |
| 02.02.2024 | 25 | 30 |
| 05.04.2024 | 34 | 63 |
| 12.04.2024 | 36 | 7 |
| 19.04.2024 | 38 | 7 |
| 26.04.2024 | 40 | 7 |
| 18.06.2024 | 37 | 53 |

எழுத்தாக எடுத்துக்கொண்ட அச்சில் எக்செல் நாட்களை எண்ணாது. முதல் பெயர், இரண்டாம் பெயர், மூன்றாம் பெயர் என்று சம இடைவெளியில் வரிசையாக நிறுத்திவிடும். பிப்ரவரி 2-க்கும் ஏப்ரல் 5-க்கும் நடுவே இருக்கும் 63 நாளுக்கும், ஏப்ரலின் ஒரு வாரத்துக்கும் ஒரே அகலம்தான் கிடைக்கும். மொத்தம் 167 நாளில் ஏப்ரலின் அந்த மூன்று வாரம் எட்டில் ஒரு பங்கு. உங்கள் கிராஃபிலோ அது பாதி அகலத்தைப் பிடித்திருக்கிறது.

இதனால்தான் கதையே தலைகீழாகிவிட்டது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் 5 வரை 9 அடி இறங்கியது, ஆனால் அது ஒன்பது வாரத்தில் நடந்தது. சராசரியாக வாரத்துக்கு ஓர் அடி. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு அடி. அதாவது ஏப்ரலில் வேகம் இரண்டு மடங்கானது. எழுத்து அச்சில் 9 அடியும் ஒரே தாவலில் வருவதால் செங்குத்தாகத் தெரிகிறது, 2 அடித் தாவல்கள் சரிவு குறைந்த மாதிரி தெரிகின்றன. உங்கள் மோட்டார் காட்டியதுதான் உண்மை.

புள்ளி வைத்து எழுதியதுதான் காரணம்

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அலுவலகக் காகிதங்களில் 05.04.2024 என்று புள்ளி வைத்து எழுதுவது பழக்கம். காகிதத்தில் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விண்டோஸில் இந்தியா அமைப்பில் தேதிக்கு நடுவே எதிர்பார்க்கப்படுவது சிறுகோடு. புள்ளி வைத்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றாமல், தட்டச்சு செய்தபடியே எழுத்தாக வைத்துக்கொள்ளும்.

உண்மையான தேதி என்பது எக்செல்லுக்குள் ஓர் எண்தான். 13 ஏப்ரல் 2024 என்பது அதற்கு 45395. இந்த எண்களைக் கழித்துத்தான் எத்தனை நாள் இடைவெளி என்று அது அறிகிறது. எழுத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாது.

பலர் முதலில் செய்வது, நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Format Cells-இல் Date கொடுப்பது. அது பலிக்காது. அந்த அமைப்பு, எண் எப்படிக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை மட்டும் மாற்றுகிறது. எழுத்தை எண்ணாக்காது. கோடு கிராஃபை விட்டுவிட்டு Scatter போடலாம் என்பது அடுத்த யோசனை. அதுவும் கைகொடுக்காது. கீழ் அச்சுக்கான செல்களில் எழுத்து இருந்தால் Scatter எந்த எச்சரிக்கையும் தராமல் 1, 2, 3 என்று எண்களைப் போட்டுக்கொள்ளும். மறுபடியும் சம இடைவெளிதான் வரும்.

எது எழுத்து, எது தேதி என்று அறிய ஒரு காலி நெடுவரிசையில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=ISNUMBER(A2)
```

TRUE என்றால் தேதி, FALSE என்றால் எழுத்து. நீங்களாக இடம், வலம் ஒதுக்காமல் விட்டிருந்தால் கண்ணாலேயே தெரியும்: தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும்.

மாற்றும் முறை

முதலில் கோப்பின் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி இருக்கும் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, Data → Text to Columns போங்கள். முதல் பக்கத்தில் Delimited, பிறகு Next. இரண்டாம் பக்கத்தில் எந்தப் பிரிப்பானும் டிக் ஆகியிருக்கக் கூடாது. முன்பு எப்போதோ Other பெட்டியில் புள்ளியைப் போட்டிருந்தால் அது அப்படியே நின்று, நாள், மாதம், ஆண்டு மூன்றும் மூன்று நெடுவரிசையாகப் பிரிந்து பக்கத்தில் இருக்கும் ஆழத்தையும் அழித்துவிடும். மூன்றாம் பக்கத்தில் Date என்பதைத் தேர்ந்து, பக்கத்தில் DMY வைத்து, Finish.

புள்ளிகளையெல்லாம் Find & Replace போட்டுச் சாய்கோடாக மாற்றும் வழியும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கணினியின் வட்டார அமைப்பைச் சார்ந்தது. புதிதாக வாங்கிய கணினியில் அமெரிக்க அமைப்பு மாறாமல் கிடந்தால், உங்கள் 05/04/2024 மே 4 ஆகிவிடும், 12/04/2024 டிசம்பர் 4 ஆகிவிடும், 03/01/2024 மார்ச் 1 ஆகிவிடும். 19, 26, 18 என்ற எண்ணில் மாதம் இல்லாததால் அந்த மூன்றும் எழுத்தாகவே நிற்கும். ஆக, பாதி எழுத்து, பாதி தவறான தேதி. தவறான தேதி TRUE காட்டும் என்பதால் மேலே சொன்ன சோதனையில் அது மாட்டாது. Text to Columns-இல் DMY என்று நாமே சொல்லிவிடுவதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஏற்கெனவே இப்படி மாற்றிக் கெடுத்திருந்தால், அதன் மேல் எதையும் செய்யாமல் பழைய நகலிலிருந்து தொடங்குங்கள்.

மாற்றிய பிறகு இரண்டாம் சோதனை. C3-இல் இதைப் போட்டு, அந்த நெடுவரிசைக்கு General அமைப்பு கொடுத்து, கீழே இழுங்கள்:

```
=A3-A2
```

உங்களுக்கு 30, 63, 7, 7, 7, 53 வர வேண்டும். வரிசையாக எழுதிய தேதிகளில் கழித்தல் குறி வந்தால் நாளும் மாதமும் எங்கோ இடம் மாறியிருக்கிறது. மேலே சொன்ன அமெரிக்கக் குழப்பத்தில் முதல் விடையே −28 என்று வந்திருக்கும். இரண்டு சோதனையும் வேண்டும். சில எழுத்துத் தேதிகளை எக்செல் கழிக்கும்போது மட்டும் எண்ணாக எடுத்துக்கொள்வதால், கழித்தல் சரியாக வந்தும் ISNUMBER FALSE காட்டலாம். அந்த நிலையிலும் கிராஃப் கெட்டுத்தான் இருக்கும்.

கிராஃபில் செய்ய வேண்டியது

தேதிகள் சரியானதும் கோடு கிராஃப் பெரும்பாலும் தானே திருந்திவிடும். திருந்தாவிட்டால் கீழ் அச்சை வலது கிளிக் செய்து, Format Axis → Axis Type-இல் Date axis வையுங்கள். அங்கேயே Base என்பது Days ஆக இருக்கிறதா என்று பாருங்கள். Months என்று இருந்தால் ஏப்ரலின் நான்கு அளவுகளும் ஒரே நேர்க்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். Major என்பதை 1 Months வைத்தால் அச்சில் மாதத்துக்கு ஒரு குறி வரும். அளந்த தேதிகளே அச்சில் பெயர்களாக வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரே மாதத்தின் நான்கு தேதிகள் நெருங்கி நிற்பதைக் காட்டத்தான் இத்தனை பாடும்.

ஒரே நாளில் காலையும் மாலையும் அளக்கிறீர்கள் என்றால் Date axis போதாது. அதற்கு நாள்தான் மிகச் சிறிய அளவு, மணி தெரியாது. அப்போது தேதியோடு நேரமும் சேர்த்து எழுதி Scatter போடுங்கள்.

ஆழம் கூடினால் கோடு கீழே போக வேண்டும் என்றால், ஆழ அச்சில் Values in reverse order டிக் செய்யுங்கள். கீழ் அச்சு மேலே ஏறிவிடும். அதே இடத்தில் Horizontal axis crosses என்பதை Maximum axis value ஆக்கினால் இறங்கிவிடும்.

சரியான கிராஃபையும் எந்த அளவுக்கு நம்பலாம்

இடைவெளி சரியானதும் இன்னொன்று கண்ணில் படும். ஏப்ரல் 26-இலிருந்து ஜூன் 18 வரை ஒரு நீண்ட நேர்க்கோடு, 40 அடியிலிருந்து 37 அடிக்கு மெல்ல ஏறுவதாகத் தெரியும். அந்தக் கோட்டில் ஒரு நாள்கூட நீங்கள் அளக்கவில்லை. 2024-இல் தென்மேற்குப் பருவமழை மே 30 அன்று கேரளத்தைத் தொட்டதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. அதுவரை கிணறு 40-க்கும் கீழே இறங்கிவிட்டு, மழைக்குப் பிறகு வேகமாக மேலே வந்திருக்கலாம். இருமுனையை மட்டும் இணைத்த கோடு அதை மறைத்துவிடும்.

ஆகவே அளந்த இடங்களில் புள்ளி தெரியும்படி Line with Markers போடுங்கள். நீண்ட இடைவெளியில் கோட்டை வெட்டிவிடுங்கள். எளிய வழி, இரண்டு தேதிக்கும் நடுவே ஒரு வரிசையைச் செருகி, 22-05-2024 என்று தேதி மட்டும் எழுதி, ஆழத்தைக் காலியாக விடுவது. காலி செல் வரும் இடத்தில் எக்செல் வழக்கமாகக் கோட்டை நிறுத்திவிடும். அங்கே 0 மட்டும் போடாதீர்கள். தண்ணீர் கிணற்றின் விளிம்பு வரை நிரம்பியதாகக் கோடு ஏறிவிடும்.

பிப்ரவரி–ஏப்ரல் இடைவெளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வாரத்துக்கு ஓர் அடி என்பது ஒன்பது வாரத்தின் சராசரி. வேகம் மார்ச் நடுவிலேயே கூடியிருக்கலாம், ஏப்ரல் 5 அன்றுதான் கூடியது என்று சொல்ல முடியாது. இரண்டு அடி வேகத்துக்கு என்ன காரணம் என்பதையும் கிராஃப் சொல்லாது. கோடையில் கூடுதலாக இறைத்திருக்கலாம், அக்கம்பக்கத்து போர்வெல் இழுத்திருக்கலாம், கிணறு அடியில் குறுகலாக இருந்தால் அதே அளவு இறைத்தாலும் கூடுதல் அடி இறங்கும். ஏப்ரலில் மட்டும் மோட்டார் ஓடிய பிறகு மாலையில் அளந்திருந்தால், அதில் ஒரு பங்கு நேர மாற்றத்தாலேயே வந்தது. இனிமேல் காலையில், மோட்டார் போடுவதற்கு முன்பே அளந்து எழுதுங்கள்.

கூகுள் ஷீட்ஸிலும் இதே கோளாறு உண்டு. அங்கே File → Settings-இல் Locale இந்தியா என்று இருக்கட்டும். ISNUMBER சோதனை அங்கேயும் வேலை செய்யும். தேதிகள் சரியாக இருந்தும் இடைவெளி சமமாகத் தெரிந்தால், கிராஃபின் Customize → Horizontal axis-இல் Treat labels as text டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிடுங்கள். லிப்ரே ஆஃபிஸில் அச்சின் Scale பக்கத்தில் Type என்பதை Date ஆக்க வேண்டும்.

அடுத்த முறையிலிருந்து 05-Apr-2024 என்று மாதத்தை எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். இந்தியா அமைப்பிலும் அமெரிக்க அமைப்பிலும் அது ஏப்ரல் 5-ஆகத்தான் பதியும்.