கடைசி வரியில் நியோபாலிடன் கார்ட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏ மைனரில் மெதுவான பாலட் ஒன்று செய்திருக்கிறேன். வேகம் நிமிடத்துக்கு 60 பீட். சரணத்தின் கடைசி வரிக்கு எஃப், டி மைனர், ஈ, ஏ மைனர் என்று கார்ட்கள். டி மைனர் பாரில் மெட்டு ஏ சுரத்திலேயே நிற்கும், ஈ வரும்போது பி, ஜி ஷார்ப் என்று இறங்கி, ஏ-யில் முடியும். பாட்டின் கடைசி முடிப்பு மட்டும் உலுக்க வேண்டும் என்று டி மைனரை எடுத்துவிட்டு நியோபாலிடன் கார்டை, அதாவது பி ஃப்ளாட் மேஜரை, வைத்துப் பார்த்தேன். மெட்டை மாற்றவில்லை. உலுக்கவில்லை, பாட்டு வேறு சுருதிக்கு நழுவியதுபோல இருக்கிறது, பாடுபவர் சுருதி விலகிப் பாடுவதுபோலவும் கேட்கிறது. எங்கே தவறு? மேஜர் சுருதியில் உள்ள பாட்டிலும் இந்தக் கார்ட் வருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கீபோர்டில் டி மைனரைப் பிடியுங்கள்: டி, எஃப், ஏ. டி-யையும் எஃப்-ஐயும் அப்படியே வைத்துக்கொண்டு ஏ-யில் இருக்கும் விரலை மட்டும் அடுத்த கட்டைக்கு, பி ஃப்ளாட்டுக்கு, நகர்த்துங்கள். டி, எஃப், பி ஃப்ளாட். அதுதான் நீங்கள் தேடும் நியோபாலிடன் கார்ட். பி ஃப்ளாட் மேஜரேதான், ஆனால் அடியில் டி இருக்கிறது. இதை முதல் இன்வர்ஷன் என்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் ஆபரா இசையமைப்பாளர்களோடு சேர்த்துப் பேசப்படுவதால் அந்த ஊரின் பெயர் இதற்கு வந்தது. அவர்கள் கையிலும் இது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வந்தது.

நீங்கள் பேஸிலும் பி ஃப்ளாட்டையே வாசித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுருதி நழுவியதற்குக் காரணம் அதுதான். உங்கள் வரியில் அதற்கு முந்தைய கார்ட் எஃப் மேஜர். எஃப்-இலிருந்து பி ஃப்ளாட்டுக்கு பேஸ் போனால், ஐந்தாம் கார்டிலிருந்து ஆதாரத்துக்கு வந்து இறங்கியதாகக் காது எடுத்துக்கொள்ளும். வேகமான பாட்டில் அடுத்த கார்ட் வந்து அதைக் கலைத்துவிடும். உங்கள் பாட்டில் ஒரு பார் முழுசாக நான்கு வினாடி. அதற்குள் பி ஃப்ளாட் புதிய ஷட்ஜமாகவே உட்கார்ந்துவிடுகிறது. பிறகு பேஸ் அங்கிருந்து ஈ-க்குத் தாவ வேண்டும். பி ஃப்ளாட்டுக்கும் ஈ-க்கும் இடையே மூன்று முழுச்சுர தூரம், மெதுவான பாட்டில் காதுக்கு மிகவும் கரடான தாவல் அது. அதைக் கடந்து ஏ மைனர் வரும்போது, திரும்பி வந்த நிம்மதி இல்லாமல் வேறெங்கோ போய் நின்றதுபோல இருக்கும்.

பேஸில் டி இருந்தால் கதை மாறிவிடும். எஃப், டி, ஈ, ஏ. முந்தைய சரணங்களில் பேஸ் நடந்த அதே பாதை. கேட்பவருக்கு அந்த நடை ஏற்கெனவே பழகிவிட்டது. கீழே எல்லாம் பழையபடியே போய்க்கொண்டிருக்க, மேலே ஒரே ஒரு சுரம் அரைச்சுரம் ஏறி எதிர்பாராத இடத்தில் நிற்கிறது. உலுக்கல் அந்த ஒரு சுரத்தில்தான் இருக்கிறது. ஏ மைனருக்கு பி ஃப்ளாட் என்பது சுத்த ரிஷபம். ஆதார சுரத்தை மேலிருந்து நெருக்கி, கீழே இறங்கச் சொல்லி அழுத்தும் சுரம். அந்த அழுத்தத்தை உணர வேண்டுமானால் ஆதார சுரம் எது என்று காதுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். பேஸ் பழைய வழியில் போவது அதற்காகத்தான். எனவே நியோபாலிடனைப் புதிய கார்டாக நினைக்காதீர்கள். ஒரு சுரம் ஏறிய டி மைனராகவே நினையுங்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அந்த பார் முடியும் இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, யோசிக்காமல் ஷட்ஜத்தை முனகிப் பாருங்கள். வாயில் ஏ வந்தால் கார்ட் சரியாக அமைந்திருக்கிறது. பி ஃப்ளாட் வந்தால் சுருதி போய்விட்டது. உங்கள் பேஸோடு ஒரு முறை, டி-யோடு ஒரு முறை செய்து பாருங்கள்.

இனி மெட்டு. பாடுபவர்மேல் தவறே இல்லை. அவர் ஏ-யில் நிற்கும்போது நீங்கள் பக்கத்துக் கட்டையான பி ஃப்ளாட்டை அழுத்துகிறீர்கள். இரண்டும் ஒரே ஸ்தாயியில் இருந்தால் உரசும், குரல்தான் விலகியதுபோலத் தோன்றும். கார்டின் பி ஃப்ளாட் கீழே, குரலின் ஏ மேலே என்று தள்ளி வைத்தால் உரசல் குறையும். ஆனால் அப்போது அது பி ஃப்ளாட் மேஜர் செவன்த் ஆகிவிடும், கனவுபோல மிதக்கும் கார்ட். அழகுதான், ஆனால் நீங்கள் கேட்ட வேலையை அது செய்யாது. ஆதார சுரம் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் அழுத்தம் எங்கிருந்து வரும்? ஆகவே கடைசி முறை மட்டும் மெட்டையும் மாற்றுங்கள். ஏ-க்குப் பதில் பி ஃப்ளாட், பிறகு ஏ, ஜி ஷார்ப், ஏ. பழைய மெட்டில் ஈ-யின்மேல் வந்த பி-யை விட்டுவிடுங்கள். பி ஃப்ளாட் பாடிய குரல் உடனே பி பாடினால், இறங்க வேண்டிய சுரம் மேலே ஏறிவிடும். கட்டிய இறுக்கம் அவிழ்ந்துவிடும்.

குரல் பி ஃப்ளாட்டிலிருந்து ஜி ஷார்ப்புக்கு நேராகப் போவது கடினம். நடுவில் ஏ இருந்தால் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கலாம். அந்த ஏ-க்கு இடம் கொடுக்க, ஈ கார்டுக்கு முன் ஈ பேஸின்மேல் ஏ மைனரை இரண்டு பீட் வையுங்கள். வரிசை இப்படி வரும்:

```
மற்ற சரணங்கள்:   | F | Dm   | E       | Am |
கடைசி முறை:     | F | Bb/D | Am/E  E | Am |
```

வலது கையில் மூன்று குரல், இடது கையில் பேஸ் என்று எழுதினால்:

```
        Bb/D   Am/E   E     Am
மேல்    Bb     A      G#    A
நடு     F      E      E     E
கீழ்     D      C      B     C
பேஸ்    D      E      E     A
```

ஒவ்வொரு வரியையும் தனியாகப் பாடிப் பாருங்கள், வலது கையில் எந்தக் குரலும் தாவவில்லை. ஈ கார்டில் பி எங்கே வருகிறது என்று கவனியுங்கள். பி ஃப்ளாட் இருந்த மேல் குரலில் வராமல், சி-யிலிருந்து இறங்கிக் கீழ்க்குரலில் வருகிறது. அதனால் இரண்டு பி-களும் மோதிக்கொள்வதாகக் காதுக்குத் தோன்றாது. பி ஃப்ளாட்டை எஃப்-க்கு மேலே வைத்ததற்கும் காரணம் உண்டு. எஃப் மேலே போனால் பி ஃப்ளாட்–எஃப், ஏ–ஈ என்று இரண்டு ஐந்தாம் இடைவெளிகள் அடுத்தடுத்து ஒரே திசையில் நகரும், மெதுவான பாட்டில் அது வெறுமையாகக் கேட்கும்.

நடுவில் ஏ மைனர் இல்லாமல், நியோபாலிடனிலிருந்து நேராக ஐந்தாம் கார்டுக்குப் போவதும் உண்டு. பீத்தோவன் 1801-இல் எழுதிய ‘மூன்லைட்’ பியானோ சொனாட்டாவின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சுருதி சி ஷார்ப் மைனர். 3ஆம் பாரில் ஏ மேஜர், அதன்பின் எஃப் ஷார்ப் பேஸோடு டி மேஜர், 4ஆம் பார் தொடங்கியதுமே ஐந்தாம் கார்ட். உங்கள் வரியில் உள்ள அதே வரிசைதான், எஃப்-இலிருந்து நியோபாலிடன், பிறகு ஈ. அங்கே இந்தக் கார்ட் வருவது பகுதியின் முடிவில் அல்ல, தொடக்கத்தில். ஆனால் முன்னால் ஆறாம் கார்ட் இருந்தும் சுருதி நழுவாமல் இருப்பதை அங்கே கேட்கலாம். பேஸ் ஏ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் என்று போகிறது, டி-யில் உட்காரவில்லை. நேராகப் போகும் அந்தத் தாவலும் உறுத்துவதில்லை, ஏனென்றால் அது உள்குரலில், மெல்லிய வாசிப்பில் நடக்கிறது. உங்கள் பாட்டில் அதே சுரத்தைப் பாடகர் எல்லோருக்கும் கேட்கும்படி மேலே பாடப்போகிறார். ஆகவே நடுவில் ஏ இருப்பதே உங்களுக்கு நல்லது என்பேன்.

கார்டைச் செழுமையாக்கலாம் என்று அதில் ஏ ஃப்ளாட் சேர்த்து பி ஃப்ளாட் செவன்த் ஆக்கும் ஆசை வரலாம். வேண்டாம். கீபோர்டில் ஏ ஃப்ளாட்டும் ஜி ஷார்ப்பும் ஒரே கட்டை. ஈ கார்ட் வரும்போது புதிதாக ஒலிக்க வேண்டிய சுரம் அது. ஒரு பார் முன்னதாகவே கேட்டுவிட்டால் ஈ-க்கு வேலை இருக்காது.

நியோபாலிடனுக்கு ஒரு முழு பார் கொடுங்கள், முதல் பீட்டிலேயே கார்டும் குரலும் சேர்ந்து விழட்டும். மொத்தப் பாட்டின் உரத்த இடம் அதுவாக இருக்கலாம். அடுத்த ஏ மைனரிலேயே ஒலியைக் குறைக்கத் தொடங்குங்கள். ஆனால் வேகத்தை அங்கே குறைக்காதீர்கள். நியோபாலிடன் பாரிலேயே இழுத்துவிட்டால் அந்தக் கார்ட் ஓய்விடமாகிவிடும், மறுபடி சுருதிச் சிக்கல். தாளம் தளர வேண்டிய இடம் ஈ கார்ட். சஸ்டெய்ன் பெடலை நியோபாலிடனுக்கும் அடுத்த கார்டுக்கும் இடையே முழுதாக எடுத்துவிடுங்கள், பி ஃப்ளாட்டின் ரீங்காரம் அடுத்த ஏ-யில் கலந்தால் பட்ட பாடெல்லாம் வீண். பின்னணியில் ஸ்ட்ரிங்ஸ் பேட் வைத்திருந்தால் அதன் ரிலீஸ் நேரத்தையும் பாருங்கள். பெடல் சரியாக இருந்தும் கலங்கலாகக் கேட்டால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

முந்தைய சரணங்களில் டி மைனரைத் தொடாதீர்கள், ஒத்திகை பார்ப்பதுபோல இரண்டாம் சரணத்தில் ஒரு முறை நியோபாலிடனைக் காட்டிவிடவும் வேண்டாம். அந்த இடத்தில் ஏ வரும் என்று கேட்பவர் நம்பியிருக்க வேண்டும். பி ஃப்ளாட்டுக்கு வலு அதனால்தான்.

மேஜர் சுருதியிலும் இது வரும், ஆனால் திடீரென்று வைத்தால் ஒட்டாது. சி மேஜரில் நியோபாலிடன் டி ஃப்ளாட் மேஜர். அதிலுள்ள டி ஃப்ளாட், ஏ ஃப்ளாட் இரண்டுமே சி மேஜருக்கு வெளியே உள்ள சுரங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் கேட்பவர் தடுமாறுவார். எனவே நான்காம் கார்டை முதலில் மைனராக்கி, ஏ ஃப்ளாட்டைப் பழக்கிவிட்டு, பிறகு டி ஃப்ளாட்டுக்குப் போக வேண்டும்:

```
| F | Fm | Db/F | C/G  G | C |
```

முதல் மூன்று கார்டுகளிலும் பேஸ் எஃப்-இலேயே நிற்கிறது. எஃப், ஏ, சி. பிறகு எஃப், ஏ ஃப்ளாட், சி. பிறகு எஃப், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது. எஃப் மைனருக்கு ஒரு முழு பார் கொடுக்க முடியாவிட்டால் இரண்டு பீட்டாவது கொடுங்கள். அதுவும் இல்லாமல் எஃப் மேஜரிலிருந்து நேராக டி ஃப்ளாட்டுக்குப் போனால் கடைசி சி மேஜர் ஒட்டாமல் தனியாக நிற்கும்.

அன்புடன்.