மூன்று நாள் கெடு: கோவை வேலையை விட்டு எப்போது கிளம்புவது?

கேள்வி: கோவையில் ஒரு பம்பு தயாரிப்பு நிறுவனத்தில் டிசைன் இன்ஜினீயராக 2021 அக்டோபர் 4 முதல் வேலை செய்கிறேன். வாரத்துக்கு ஆறு நாள் வேலை. சி.டி.சி. 7.1 லட்சம், மாதம் கையில் வருவது சுமார் 50,000 ரூபாய். நேற்று, ஏப்ரல் 18 அன்று, சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து ஆஃபர் மின்னஞ்சல் வந்தது. சி.டி.சி. 10.2 லட்சம். மே 4 அன்று சேர வேண்டும். ஏப்ரல் 21 மாலை 5 மணிக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் ஆஃபர் காலாவதி ஆகிவிடும் என்கிறார்கள். இங்கே எனக்கு 60 நாள் நோட்டீஸ். மூன்று லட்சம் கூடுதல் சம்பளத்தை விடவும் மனமில்லை. என்ன பதில் அனுப்பலாம்?

பதில்: சென்னை வேலை நல்ல வேலைதான், அந்த வாய்ப்பை விட வேண்டாம். ஆனால் அந்த மின்னஞ்சலில் 21ஆம் தேதி கெடுதான் உங்களைப் பதற வைத்திருக்கிறது. உங்கள் பணத்தைத் தின்னப்போவதோ மே 4 என்ற சேரும் தேதி.

முதலில் அந்த மூன்று லட்சத்தைப் பார்த்துவிடுவோம். நீங்கள் இணைத்திருந்த சம்பளப் பட்டியலில் 10.2 லட்சத்தில் 1.2 லட்சம் செயல்திறன் ஊதியம். ஆண்டு இறுதியில், நிறுவனம் மதிப்பிட்ட பிறகு வருவது. மாதச் செலவுக்கு அதை நம்ப முடியாது. மீதி 9 லட்சத்துக்குள் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 54,000, பணிக்கொடைக்கு ஒதுக்கியது 21,645, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000 எல்லாம் அடங்கியிருக்கின்றன. இவற்றைக் கழித்தால் மாதம் 67,696 ரூபாய். அதில் உங்கள் பி.எஃப். பங்கு 4,500 ரூபாயும் கொஞ்சம் தொழில் வரியும் போனால் கைக்கு வருவது ஏறத்தாழ 63,000. புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்கு வருமான வரி வராது. ஆக, உண்மையான உயர்வு மாதம் 13,000 ரூபாய். சென்னை வாடகையை அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

இப்போது சேரும் தேதிக்கு வருகிறேன். 21ஆம் தேதி ராஜினாமா கொடுத்தால் உங்கள் 60 நாள் ஜூன் 19 அன்று முடிகிறது. மே 4 அன்று சென்னையில் இருக்க வேண்டுமானால் மே 3 அன்றே கணக்கு முடிய வேண்டும். 47 நாள் குறைகிறது. குறையும் நாட்களுக்கு மொத்தச் சம்பளத்தைப் பிடிப்பார்களா, அடிப்படைச் சம்பளத்தை மட்டுமா என்பது உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கும். மொத்தச் சம்பளமான 54,000 என்றே வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 1,800 வீதம் 84,600 ரூபாய். சென்னைக்காரர்கள் இதை ஈடுகட்டுவதாக மின்னஞ்சலில் ஒரு வரியும் இல்லை. நேர்முகத் தேர்வில் யாராவது வாயால் சொல்லியிருந்தாலும், கடிதத்தில் வராதது வராததுதான்.

இதைவிட என்னை உறுத்துவது பணிக்கொடை. ஐந்து ஆண்டு தொடர்பணி வேண்டும் என்பது சட்டம். நான்கு ஆண்டு முடித்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கும் அந்த உரிமை உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்கு ஐந்தாம் ஆண்டு 2025 அக்டோபர் 4 அன்று தொடங்கியது. அங்கிருந்து விரல்விட்டு எண்ணினால் 240ஆவது நாள் மே 31. சம்பளத்தோடு கூடிய வார விடுமுறையையும் சேர்த்து எண்ணிய கணக்கு இது. சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அத்தனை நாள் தள்ளிப்போகும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 30,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஆண்டை முழு ஆண்டாகக் கொண்டு ஐந்தால் பெருக்கினால் 86,538 ரூபாய், வரியில்லாத பணம். மே 3 அன்று கிளம்பினால், 28 நாள் குறைவால் இந்தத் தொகையைக் கேட்கவே உங்களுக்கு இடமில்லாமல் போகிறது.

இரண்டையும் கூட்டினால் 1,71,138. மாதம் 13,000 உயர்வில் இதைத் திரும்பச் சேர்க்கப் பதின்மூன்று மாதம் ஆகும். ஒரு தேதியை மாற்றக் கேட்காமல் விட்டதற்கு ஓராண்டு உழைப்பைக் கொடுக்க வேண்டுமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில நிறுவனங்கள் இன்னமும் முழு ஐந்து ஆண்டு கேட்டு அடம்பிடிக்கின்றன. அப்போது தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். உங்களுக்கு முன்னால் விலகியவர்களில் நாலே முக்கால் ஆண்டு முடித்த யாருக்காவது கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு பழைய சக ஊழியரிடம் விசாரியுங்கள். இப்போதைக்கு உங்கள் மனிதவளப் பிரிவில் கேட்காதீர்கள். நீங்கள் கிளம்புவது தெரிந்துவிடும்.

இனி, பதில் அனுப்பும் முறை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “சம்மதம், ஆனால் ஜூன் 22 அன்று சேர்கிறேன்” என்று எழுதிவிட்டு ஆஃபர் கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி சம்மதம் என்பது நிபந்தனை இல்லாமல், முழுமையாக இருக்க வேண்டும். தேதியை மாற்றி எழுதிய பதில் சம்மதம் ஆகாது, அது நீங்கள் முன்வைக்கும் புதிய கோரிக்கை. கெடு தாண்டிவிட்டால் பழைய ஆஃபரும் இருக்காது, புதியதை ஏற்கும் கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

அதனால் வரிசையை மாற்றுங்கள். நாளை, திங்கள் காலை, ஆஃபரில் கையெழுத்திட்ட சென்னை மனிதவள அதிகாரிக்கு முதலில் தொலைபேசியில் பேசுங்கள். பேசி முடித்த கையோடு ஒரு சிறு மின்னஞ்சல்: “இந்தப் பணியில் சேர விரும்புகிறேன். எனக்கு 60 நாள் நோட்டீஸ் இருப்பதால் ஜூன் 22 அன்று சேர இயலும். அந்தத் தேதியோடு திருத்திய கடிதம் அனுப்பவும். அதுவரை சம்மதம் தெரிவிக்கும் கெடுவை ஏப்ரல் 24 வரை நீட்டித்துத் தர வேண்டுகிறேன்.” இவ்வளவு போதும். பணிக்கொடைக் கதையெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். 60 நாள் நோட்டீஸ் எந்த மனிதவள அதிகாரிக்கும் புதிதல்ல. மே 4 என்ற தேதி பெரும்பாலும் உத்தேசமாகப் போட்டதாகவே இருக்கும்.

ஜூன் 22 முடியாது என்றால் ஜூன் 8 கேளுங்கள். ஜூன் 5 வரை வேலை செய்தால் 240 நாள் தாண்டிவிடும். குறைவது 14 நாள், பிடித்தம் 25,200. அதை அவர்கள் ஈடுகட்டினால் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். ஓராண்டுக்குள் விலகினால் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேரலாம், படித்துப் பாருங்கள். மே 4 தவிர வேறு தேதியே இல்லை என்று கறாராகச் சொன்னால், 84,600 ரூபாயையாவது அவர்களே ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால், நானாக இருந்தால் இந்த ஆஃபரை விட்டுவிடுவேன்.

திருத்திய கடிதம் வந்ததும், கெடுவுக்குள் “நிபந்தனையின்றி ஏற்கிறேன்” என்று அதே மின்னஞ்சல் தொடரிலேயே பதில் அனுப்பி, அதன் பிரதியை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். பின்புலச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்று ஆஃபரில் ஒரு வரி இருக்கிறதே, அது முடிந்துவிட்டதா என்றும் கேட்டுவிடுங்கள். கோவையில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது அதற்குப் பிறகுதான். அது இரண்டு மூன்று நாள் தள்ளினால் 60 நாளும் அத்தனை நாள் தள்ளும். ஆகவே ஜூன் 22ஐ உறுதி செய்யும் முன் அந்த நாட்களையும் சேர்த்து எண்ணி, தேவைப்பட்டால் ஜூன் 29 என்று கேளுங்கள்.