மார்த்தாண்டத்தில் வைத்த நகை

கேள்வி: மனைவியின் நகையை மார்த்தாண்டத்தில் அடகு வைத்து 2 லட்சம் வாங்கினேன். பங்குத் தரகு நிறுவனம் மார்ஜின் வசதியில் 6 லட்சம் தந்தது. மொத்தம் 8 லட்சத்துக்கு ஒரே நிறுவனத்தின் பங்குகளை வாங்கினேன். விலை 15 சதவீதம் இறங்கிவிட்டது. இப்போது 90,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். மீதி நகையையும் வைத்துக் கட்டிவிட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கலாமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நாகர்கோவிலில் நகைக்கடன் கொடுக்க ஆளா இல்லை? மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினீர்கள் என்றால், தெரிந்தவர் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார் என்று பயந்திருக்கிறீர்கள். மனைவியிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அது அவருடைய சொத்து; சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அவருக்குத் தெரியாமல் எடுத்ததற்கு என் அகராதியில் கடன் என்று பெயரில்லை.

அந்த 2 லட்சத்தைத் தரகர் உங்கள் சொந்தப் பணம் என்று கணக்கில் கொண்டார். நீங்களும் அப்படியே நம்பிவிட்டீர்கள். உண்மையில் 8 லட்சமும் கடன். மார்ஜின் கடனுக்கு ஆண்டுக்கு 15 சதவீதமும் நகைக்கடனுக்கு 10 சதவீதமும் வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,10,000 ரூபாய் வட்டிக்கே போகும். அதாவது, அந்தப் பங்கு ஓராண்டில் வாங்கிய விலைக்கு மேல் ஏறக்குறைய 14 சதவீதம் ஏறினால்தான் உங்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சந்தை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் வட்டி ஓடும்.

இப்போது பங்குகளின் மதிப்பு 6,80,000 ரூபாய். தரகரின் 6 லட்சத்தைக் கழித்தால் உங்கள் பணமாக நிற்பது 80,000தான்: விலை இறங்கியது 15 சதவீதம், உங்கள் 2 லட்சத்தில் போனது 60 சதவீதம். மதிப்பில் கால்பங்கு, அதாவது 1,70,000 ரூபாய், உங்கள் பணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால்தான் 90,000 கேட்கிறார்கள். அதைக் கட்டிய பிறகு இன்னொரு 15 சதவீதம் இறங்கினால் 1,02,000 ரூபாய் கரையும். புதிதாக வைத்த நகையின் பணம் முழுவதும் போய், பழையதிலும் 12,000 குறையும். அப்போதும் அதே குறுஞ்செய்தி வரும்.

காத்திருப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொந்தப் பணத்தில் வாங்கியவர் பத்து ஆண்டுகூடக் காத்திருக்கலாம். மார்ஜினில் வாங்கியவருக்கு விற்கும் நாளைத் தரகர் குறிக்கிறார். கெடுவுக்குள் பணம் வராவிட்டால், ஒப்பந்தப்படி உங்களைக் கேட்காமலே, அன்று கிடைக்கும் விலைக்கு விற்றுவிடுவார். விலை பிறகு ஏறினாலும் உங்கள் கையில் பங்கு இருக்காது.

ஆகவே மீதி நகையைத் தொடாதீர்கள். இன்று இரவே மனைவியிடம் அடகுச் சீட்டையும் தரகர் கணக்கையும் காட்டிச் சொல்லுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் சந்தை திறந்ததும் எல்லாப் பங்கையும் நீங்களே விற்று 6 லட்சத்தை அடைத்து, மார்ஜின் வசதியை நிறுத்திவிடுங்கள். வட்டியும் தரகும் போக 80,000க்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். அதை அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள். மீதி 1,20,000 ரூபாய்ச் சொச்சத்தை உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அடையுங்கள். ஒவ்வொரு முறையும் வட்டி போக அசலில் எவ்வளவு வரவு வைத்தார்கள் என்று ரசீதில் பார்த்து வாங்குங்கள்.