லேப் வீடியோவில் நோயாளி பெயர் தெரியாமல் இருக்க

“அல்சூரில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபை ரீல்ஸ் போட எடுத்தேன். ட்யூப் லேபிளை மங்கலாக்கியும் நடுவில் பெயர் தெரிகிறது. என்ன செய்ய?”

சகோ, ட்யூபைச் சுற்றும்போதோ, கை குறுக்கே வரும்போதோ மங்கல் கட்டம் லேபிளை விட்டு நழுவிவிடும். ஒரே ஒரு ஃப்ரேமில் தெரிந்தாலும் போதும், வீடியோவை நிறுத்திப் படித்துவிடலாம். பார்கோடும் அப்படித்தான், லேசாக மங்கலாக்கினால் சில சமயம் ஸ்கேன் ஆகிவிடும். இருக்கிற வீடியோவைத்தான் போட வேண்டுமென்றால் மங்கலுக்குப் பதில் லேபிளைவிடப் பெரிய கறுப்புக் கட்டம் வைத்து, கை நுழையும் இடங்களை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், லேப் மூடிய பிறகு திரும்ப எடுப்பதே மேல். புது ட்யூபில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர், ‘மாதிரி 1’ என்று கையால் எழுதிய லேபிள். கணினித் திரையை அணைத்துவிடுங்கள். சென்ட்ரிஃப்யூஜின் பளபளப்பான மூடியில் எதிர்ப்பக்க ரேக் பிரதிபலிக்கிறதா என்றும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது ஒலியில்தான்: ரிசப்ஷனில் பெயர் கூப்பிடுவது பின்னணியில் கேட்கும். அந்த ஆடியோவை மொத்தமாக அழித்து, பேச்சைத் தனியாகப் பதிந்து சேர்த்துவிடுங்கள். கூட வேலை செய்பவர்களிடம் எந்த வீடியோ, எங்கே வரும் என்று குறிப்பிட்டு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.