இலந்தை மரத்தில் அரக்கு: உரிக்க வேண்டிய பருவம் எது?

கேள்வி: வணக்கமுங்க ஐயா. குண்டடத்துக்குப் பக்கம் எங்க தோட்டத்து வேலியோரம் பத்து இலந்தை மரம் நிக்குதுங்க. ராஞ்சிப் பக்கமிருந்து ரங்கீனி ரகத்து விதை அரக்கு, அதாவது பூச்சி உசுரோட இருக்குற குச்சி, வாங்கி ஆடி மாசம் பத்து மரத்துலயும் கட்டினேனுங்க. மாசியில ஆட்டுக்குத் தழை ஒடிச்ச ரெண்டு மரத்துல மட்டும் நல்லாப் புடிச்சிருக்குது, மத்த எட்டும் வெறுமையா நிக்குது. கட்டின குச்சியை இன்னும் அவுக்கலைங்க. புரட்டாசி பொறந்துருச்சு, இப்பவே உரிச்சுரலாமுங்களா?

பதில்: இப்போது உரிக்க வேண்டாம். இன்று சுரண்டினால் முதிராத அரக்குதான் கைக்கு வரும். ஐப்பசிக்குத் தேவையான விதையும் அதோடு போய்விடும்.

எட்டு மரங்கள் வெறுமையாக நிற்பதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. விதைக்குச்சியிலிருந்து வெளிவரும் அரக்குப் பூச்சியின் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள சிவப்பு உயிர். அது ஓரிரு நாள் ஊர்ந்து திரிந்து, தன் ஊசி வாய் இறங்கும் அளவுக்கு மென்மையான பட்டையைக் கண்டால்தான் அமர்ந்து சாறு உறிஞ்சும். முற்றிய பட்டையில் இடம் கிடைக்காமல் செத்துவிடும். மாசியில் தழை ஒடித்த இரண்டு மரங்களும் ஆடிக்குள் ஐந்து மாதத் தளிர்களை விட்டிருந்தன. ஆட்டுக்காகச் செய்தது அரக்குக்கான கவாத்தாக அமைந்துவிட்டது. ஒரு முறை அமர்ந்த பெண் பூச்சி முதல் தோலுரிப்பிலேயே கால்களை இழந்துவிடுவதால், பிறகு அது வேறு கிளைக்கு நகர வழியில்லை.

அவிழ்க்காமல் விட்ட பழைய குச்சிகளை நாளைக்கே அகற்றுங்கள். கட்டிய மூன்று வாரத்தில் குஞ்சுகள் ஏறக்குறைய முழுவதும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு அந்தக் குச்சியில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அரக்கைத் தின்னும் அந்துப்பூச்சிகளும் ஒட்டுண்ணிகளும்தான். புது அரக்கின் மேலோட்டில் துளைகளோ, நூலாம்படையில் சிக்கிய எச்சமோ தென்பட்டால் அவை ஏற்கெனவே இறங்கிவிட்டன என்று பொருள். அந்தக் கிளைகளை விதைக்கு எடுக்காதீர்கள். அகற்றிய குச்சிகளில் இருக்கும் அரக்கைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, கட்டையை எரித்துவிடுங்கள். அடுத்த முறை விதைக்குச்சிகளை 60 கண் நைலான் வலைப்பையில் போட்டுக் கட்டினால், குஞ்சுகள் வெளியேறும், அந்துப்பூச்சி உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

புரட்டாசியில் அரக்கினிடையே நீண்ட செருப்பு வடிவக் கூடுகள் காலியாகக் கிடப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை ஆண் பூச்சிகள் வெளியேறிய கூடுகள். ஆண் சில நாட்களே வாழும். இணைசேர்ந்த பிறகு உருண்டையான பெண் கூடுகள்தான் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, நாம் விற்கும் கெட்டியான மேலோடாகின்றன. அவற்றில் வெண்ணூல் போன்ற மெழுகு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. இந்த மாதங்களில் பக்கத்துக் காட்டில் முருங்கைக்கோ பருத்திக்கோ மருந்தடித்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தச் சாரல் பட்டால் அரக்குப் பூச்சியும் சாகும்.

வெட்டும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரங்கீனியின் மழைக்காலப் பயிர் பொதுவாக ஐப்பசியில் முதிரும் என்றாலும், அதை உறுதியாகச் சொல்வது பெண் கூட்டின் மேல் தோன்றும் மஞ்சள் புள்ளிதான். அது விரிந்து கூட்டின் பாதியைத் தொடும்போது குஞ்சுகள் வெளிவரத் தயாராகிவிட்டன. சந்தேகமிருந்தால் இரண்டு மூன்று குச்சிகளை வெட்டிக் கண்ணாடிப் புட்டியில் போட்டு நிழலில் வைத்து, தினமும் பாருங்கள். சிவப்புத் துகள்கள் ஊர்வது தெரிந்த அன்றே கிளைகளை வெட்டி, சாண் நீளத்துக்கு நறுக்கிக் கட்டத் தொடங்கிவிடலாம்.

அந்த விதையை எங்கே கட்டுவது என்பதுதான் உங்களுக்குச் சிக்கல், ஏனெனில் ஐப்பசிக்குத் தயாரான மரம் உங்களிடம் இல்லை. எட்டு மரங்களின் நுனிகளில் பென்சில் பருமனில் பச்சைக் கிளைகள் இருந்தால், அந்த நுனிகளில் மட்டும், பட்டையோடு ஒட்டியிருக்குமாறு கட்டுங்கள். அறுவடை முடிந்த இரண்டு மரங்களிலும் மறுபடி கட்டாமல் ஓய்வு கொடுங்கள். மிஞ்சும் விதையை உடனே விற்றுவிடுவது நல்லது. வரும் மாசியில் நான்கு மரங்களைக் கவாத்து செய்தால் அவை ஆடிக்கும், சித்திரையில் மற்ற நான்கைச் செய்தால் அவை அடுத்த ஐப்பசிக்கும் தளிரோடு நிற்கும். நம் பக்கத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் அரக்குப் பூச்சிகள் நிறையச் சாகும். விதை கட்டிய மரங்களுக்கு அந்த இரண்டு மாதமும் வேரில் தண்ணீர் விட முடிந்தால் விடுங்கள்.

குஞ்சு இறங்கி முடிந்த குச்சிகளில் உள்ளதுதான் விற்பனைக்கான அரக்கு. அதைக் கத்தியால் சுரண்டி, காற்றோட்டமான நிழலில் மெல்லிய பரப்பாகப் பரப்பி, ஈரம் போகும்வரை நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். வெயிலில் காய்ந்தாலோ, ஈரத்தோடு குவித்துச் சாக்கில் கட்டினாலோ அது உருகிப் பிடித்துப் பாறை போன்ற ஒரே கட்டியாகிவிடும். வியாபாரி அதற்கு விலையைக் குறைப்பார்.